முதிர்வுத் தொகை கைக்கு வரும் நாள்

இருபது ஆண்டுகள் பிரீமியம் கட்டிய எண்டோமென்ட் பாலிசி ஒன்று முதிர்வதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே எல்.ஐ.சி. கிளையிலிருந்து கடிதம் வந்துவிடும். முதிர்வுத் தேதியும் தோராயத் தொகையும் அதில் இருக்கும். 3825 என்ற எண்ணுள்ள டிஸ்சார்ஜ் படிவத்தைப் பூர்த்தி செய்து, அசல் பாலிசி பாண்டு, வங்கிக் கணக்கு விவரத்துடன் கூடிய நெஃப்ட் படிவம், ரத்து செய்த காசோலை, அடையாளச் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், முதிர்வுத் தேதியை ஒட்டி பணம் கணக்கில் விழுந்துவிடும். முக்கியமான முடிவுகள் அதற்கு முன்பே, அந்தப் படிவத்தில் கையெழுத்திடும்போதே, தொடங்கிவிடுகின்றன.

பணம் தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் சில்லறையான விஷயங்கள்தான். பாலிசியில் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல் வங்கிக் கணக்கில் பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இருபது ஆண்டுக்கு முன் எழுதிய விண்ணப்பத்துக்கும் இன்றைய ஆவணங்களுக்கும் இப்படிப் பொருந்தாமல் போவது தமிழ்நாட்டில் சர்வசாதாரணம். வங்கி இணைப்புகள் இன்னொரு காரணம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் கரைந்தன. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை எழுதிக் கொடுத்தவர்களின் பணம் போய்ச் சேராமல் திரும்பிவிடும். பாண்டு தொலைந்திருந்தால் முத்திரைத்தாளில் இழப்பீட்டு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். பாலிசியின் மேல் கடன் வாங்கியிருந்தால் அசலும் வட்டியும் கழிந்து மீதிதான் வரும். கடன் வாங்கியதை மறந்தவர்கள் அந்த நாளில்தான் அதிர்ச்சி அடைகிறார்கள்.

வந்த தொகைக்கு வரி உண்டா என்பது அடுத்த கேள்வி. 2003 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரை எடுத்த பாலிசி என்றால், எந்த ஆண்டிலும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டாதிருந்தால் முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை. 2012 ஏப்ரலுக்குப் பின் எடுத்ததற்கு அந்த வரம்பு 10 சதவீதம். வழக்கமான எண்டோமென்ட் பாலிசிகள் இதற்குள் அடங்கிவிடும். ஒரே தவணையில் மொத்தமாகக் கட்டும் பாலிசிகள்தான் பெரும்பாலும் வெளியே போகும். 2023 ஏப்ரலுக்குப் பின் எடுத்த பாலிசிகளில் ஓராண்டின் மொத்தப் பிரீமியம் ஐந்து லட்சத்தைத் தாண்டினாலும் விலக்கு போய்விடும். விலக்கு இல்லாத பாலிசியில் ஒரு லட்சமோ அதற்கு மேலோ வந்தால், கட்டியதைவிடக் கூடுதலாக வந்த பகுதியில் 2 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆனால் முதிர்வுத் தொகைக்கு வரி இல்லை என்பதால் அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டிக்கும் வரி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசியின் சலுகை பாலிசியோடு முடிந்தது. மறுநாள் முதல் அது சாதாரணப் பணம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ராஜபாளையத்தில் நூற்பாலை மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் 2005 மே மாதம், நாற்பது வயதில், ஐந்து லட்ச ரூபாய்க்கு இருபதாண்டு எண்டோமென்ட் பாலிசி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுப் பிரீமியம் 25,500 ரூபாய். இருபது ஆண்டில் அவர் கட்டியது 5,10,000. ஆண்டுதோறும் ஆயிரத்துக்குச் சராசரியாக 45 ரூபாய் போனஸ் என்றால் ஆண்டுக்கு 22,500; இருபது ஆண்டுக்கு நாலரை லட்சம். கடைசியில் ஒருமுறை தரும் கூடுதல் போனஸ் 25,000. ஆக, 2025 மே மாதம் அவருக்கு வருவது 9,75,000 ரூபாய்.

கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஆண்டு வாரியாகக் கணக்கிட்டால் இது 5.8 சதவீத வட்டிக்குச் சமம். போனஸ் காப்பீட்டுத் தொகையின் மேல் மட்டும் கணக்கிடப்படுகிறது. போன ஆண்டு சேர்ந்த போனஸுக்கு இந்த ஆண்டு போனஸ் கிடையாது. அதனால்தான் இருபது ஆண்டு காத்திருந்தும் தொகை வேகமாகப் பெருகுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டுகளில் அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் குடும்பத்துக்கு ஐந்து லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு முதிர்வு நாளோடு முடிகிறது. அடுத்து இந்தப் பணத்துக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதைப் புதிதாகத்தான் யோசிக்க வேண்டும்.

அந்த யோசனைக்கு வீட்டார் உட்காரும் முன்பே ஏஜென்ட் வந்துவிடுவார். முதிர்வுப் பட்டியல் அவர் கையில் இருக்கிறது. பிரீமியம் வாங்க ஆண்டுதோறும் வந்து போனவர், கல்யாணம் காட்சிக்கு வந்தவர். அவர் பேச்சைத் தட்டுவது சுலபமில்லை. ஆண்டுப் பிரீமியப் பாலிசி ஒன்றை விற்றால் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கால் பங்கு அளவுக்குக்கூட அவருக்குக் கமிஷன் கிடைக்கலாம். இது சட்டப்படி வரும் வருமானம், தவறொன்றும் இல்லை. ஆனால் முதிர்ந்த பணத்தைக் கொண்டு நகைக்கடனை அடையுங்கள் என்று சொன்னால் அவருக்கு ஒரு பைசாவும் கிடையாது என்பதையும் சேர்த்தே அவருடைய ஆலோசனையை எடைபோட வேண்டும்.

மேற்பார்வையாளரிடம் வந்த யோசனை இது: மகள் பெயரில் ஒரு பாலிசி, ஆண்டுக்கு ஒரு லட்சம், பத்து ஆண்டு கட்டினால் போதும். இருபதாவது ஆண்டின் முடிவில் இருபது லட்சம் உறுதி. பத்து கட்டி இருபது வாங்குவது, அதாவது இரட்டிப்பு. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்தக் கணக்கை வட்டியாக மாற்றினால் வருவது நாலரை சதவீதம். பத்து லட்சமும் முதல் நாளே போடப்படவில்லை. முதல் லட்சம் இருபது ஆண்டு கிடக்கிறது, பத்தாவது லட்சம் பதினோரு ஆண்டு கிடக்கிறது. ‘இரட்டிப்பு’ என்ற சொல் இந்தக் காலத்தை மறைத்துவிடுகிறது. எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், எத்தனை மடங்கு என்று கேட்பதைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுகிறேன், எந்தத் தேதியில் எவ்வளவு வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அந்தத் தாளைப் பார்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று வங்கியில் வேலை பார்க்கும் எந்த உறவினரும் கணினியில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

வட்டி குறைவு என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மேற்பார்வையாளருக்கு இப்போது வயது அறுபது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மூன்று லட்சம் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 6,75,000. அதை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டு அதிலிருந்தே பிரீமியம் கட்டினாலும் எட்டு ஆண்டுக்குத்தான் காணும். ஒன்பதாவது, பத்தாவது பிரீமியத்தை அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வயதில் சொற்ப ஓய்வூதியத்திலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டும். இடையில் ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால் கதை அதற்கும் முன்பே முடியும். இப்படி நடுவில் நிற்கும் பாலிசிகளில், முக்கியமாக முதல் சில ஆண்டுகளில், கட்டியதே முழுதாகத் திரும்புவதில்லை. கையில் மொத்தமாக ஒருமுறை வரும் பணத்தை வைத்து பத்து ஆண்டுக்கு ஒப்புக்கொள்வது, சம்பளம் நின்ற வீட்டில் புதிதாக ஒரு மாதாந்தரச் சீட்டு எடுப்பது மாதிரிதான்.

சரி, வேறு எப்படிப் பிரிப்பது? எந்தத் திட்டத்தில் போடலாம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பணம் எந்தத் தேதியில் யாருக்குத் தேவைப்படும் என்று முதலில் பார்த்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும். மேற்பார்வையாளர் வீட்டில் முதல் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டது. வங்கியில் இரண்டு லட்ச ரூபாய் நகைக்கடன், வட்டி ஒன்பதரை சதவீதம். சேர்ந்த வட்டியுடன் 2,18,000 ஆகிவிட்டது. ஆண்டுக்கு 19,000 வட்டி கட்டிக்கொண்டே அதே இரண்டு லட்சத்தை ஆறரை சதவீத டெபாசிட்டில் வைத்து 13,000 வாங்குவது ஆண்டுக்கு ஆறாயிரம் நஷ்டம். கடனை அடைப்பதைப் போல உறுதியாக ஒன்பதரை சதவீதம் தரும் முதலீடு எந்த வங்கியிலும் இல்லை. நகையும் வீட்டுக்கு வந்துவிடும். கடன் என்றால் எல்லாக் கடனையும் உடனே அடைக்க வேண்டும் என்பதல்ல. ஏழரை சதவீதத்தில் ஓடும் வீட்டுக் கடன் என்றால் கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்காது. கையில் அவசரப் பணம் இல்லாமல் அதை அடைத்துவிட்டு அடுத்த மாதம் கைமாற்று வாங்குவதும் நடக்கிறது.

அடுத்த தேதி கல்லூரிக் கட்டணம். இந்த ஆண்டுக்கான ஒன்றரை லட்சம் ஜூனில் போய்விடும். சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டுக்கானதை அடுத்த மே மாதம் முதிரும்படி ஓராண்டு டெபாசிட்டாகப் போடலாம். இந்தப் பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சந்தை இருபது சதவீதம் இறங்கியிருக்கிறது என்று கல்லூரி காத்திருக்காது. அதன் பிறகு 1,07,000 ரூபாயை மருத்துவம் போன்ற திடீர்ச் செலவுக்கு, உடைத்தாலும் பெரிய இழப்பில்லாத சிறுசிறு டெபாசிட்டுகளாக வைக்கலாம். ஒரே ரசீதாகப் போட்டால் இருபதாயிரம் தேவைப்படும்போது முழுவதையும் உடைக்க வேண்டிவரும்.

மீதி மூன்றரை லட்சம். இதற்கு உடனே தேவையில்லை, ஆனால் மாதச் செலவுக்கு ஒத்தாசை வேண்டும். அறுபது வயதைத் தொட்டவருக்கு இங்கே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் கைகொடுக்கும். அஞ்சலகத்திலும் பெரும்பாலான வங்கிகளிலும் தொடங்கலாம். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் அறிவித்த 8.2 சதவீத வட்டி 2025 முழுவதும் மாறவில்லை. வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்றாலும், கணக்குத் தொடங்கிய நாளில் இருந்த விகிதமே ஐந்து ஆண்டுக்கும் நிலைக்கும். மூன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 28,700. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7,175 ரூபாய் கணக்கில் விழும். ஐந்து ஆண்டு முடிந்தபின் மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். நடுவில் முடித்தால் தண்டம் உண்டு: முதல் ஆண்டுக்குள் என்றால் வட்டியே கிடையாது, கொடுத்த வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் ஆண்டில் அசலில் ஒன்றரை சதவீதம், அதன் பிறகு ஒரு சதவீதம் கழியும். அவசரத்துக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்த பிறகே இதில் கை வைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

வரியைத் தவிர்க்க மனைவி பெயரில் டெபாசிட் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதனால் பயனில்லை. கணவன் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் வரும் வட்டியை வருமான வரிச் சட்டம் கணவனின் வருமானமாகவே சேர்த்துக்கொள்ளும். மேற்பார்வையாளர் நிலையில் இருப்பவருக்கு இந்தக் கவலையே தேவையில்லை. புதிய வரி முறையில் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி வராது. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டாதவரை வங்கி வரி பிடிப்பதும் இல்லை.

இதே பாலிசி நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு முதிர்ந்தால் பதில் மாறும். அவருக்குச் சம்பளம் இருக்கிறது, ஓய்வுக்குப் பதினைந்து ஆண்டு இருக்கிறது. முதிர்ந்த பாலிசியோடு போன காப்பீட்டுக்குப் பதிலாக வெறும் டெர்ம் பாலிசி ஒன்றைக் குறைந்த பிரீமியத்தில் எடுத்துவிட்டு, நீண்ட காலத்துக்குத் தொட வேண்டாத பகுதியை இண்டெக்ஸ் ஃபண்டு போன்றவற்றில் சிறிது சிறிதாகப் போடுவது அவருக்குப் பொருந்தும். அறுபது வயதுக்காரருக்கு அதே அளவில் அது பொருந்தாது.

வங்கி டெபாசிட் முதிரும்போது சிக்கல் வேறு விதம். பாலிசியில் பணம் வெளியே வந்துவிடும். டெபாசிட்டில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பணம் உள்ளேயே புரண்டு படுத்துவிடும். தானாகப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தால், முதிர்வு நாளில் இருக்கும் வட்டிக்கு, முன்பிருந்த அதே காலத்துக்குத் திரும்பவும் பூட்டப்படும். 444 நாள் சிறப்பு டெபாசிட் என்று கூடுதல் வட்டிக்குப் போட்டது, அந்தத் திட்டம் முடிந்துபோயிருந்தால் சாதாரண வட்டிக்கு இறங்கிவிடும். ஐந்தாண்டு டெபாசிட் என்றால் இன்னும் ஐந்தாண்டு. பணம் தேவைப்பட்டு உடைத்தால், ஓடிய காலத்துக்கான வட்டியிலும் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைத்துத்தான் தருவார்கள். தானாகப் புதுப்பிக்கச் சொல்லவில்லை என்றாலும் இழப்புதான். 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, முதிர்ந்தும் எடுக்கப்படாத டெபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய டெபாசிட் வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான். சேமிப்பு வட்டி இரண்டரை சதவீதமாக இருக்கும் வங்கியில், ஆறரை சதவீதம் வாங்கியிருக்கக்கூடிய ஐந்து லட்சத்தை ஆறு மாதம் மறந்தால் பத்தாயிரம் ரூபாய் போய்விடும்.

டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கிக்குப் போன பெரியவர் காப்பீட்டுப் பாலிசியோடு திரும்பி வருவதும் அடிக்கடி கேள்விப்படும் விஷயம். இதைவிட நல்ல வட்டி, மூன்று ஆண்டு போட்டால் போதும் என்று சொல்லியிருப்பார்கள். நீட்டும் தாளில் பிரீமியம், காப்பீட்டுத் தொகை ஆகிய சொற்கள் இருந்தாலோ, சர்க்கரை நோய் உண்டா, புகை பிடிப்பீர்களா என்று கேட்டாலோ, அது டெபாசிட் அல்ல. டெபாசிட் போடுபவரின் உடல்நலத்தைப் பற்றி எந்த வங்கிக்கும் அக்கறை கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகே தெரிந்தாலும், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, சிறு பிடித்தத்துடன் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

தொகை பெரிதாக இருந்தால் பாதுகாப்பு வரம்பும் கணக்கில் வர வேண்டும். ஒரு வங்கி மூடப்பட்டால், அதன் எல்லாக் கிளைகளிலும் ஒருவருக்கு இருக்கும் அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. ஒரே வங்கியின் இரண்டு கிளையில் பிரித்துப் போடுவதால் வரம்பு கூடாது. வங்கியை மாற்ற வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. நிதி நிறுவனங்கள், சீட்டு நிறுவனங்கள், ‘நிதி லிமிடெட்’ என்று பெயர் வைத்த உறுப்பினர் சங்கங்கள் இவற்றுக்குக் கிடையாது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வரிசையாக நிதி நிறுவனங்கள் சரிந்ததால்தான் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சொத்தைப் பறிமுதல் செய்து விற்றுப் பங்கிட வழி செய்கிறது. போட்ட பணம் போட்டபடி வரும் என்று உறுதி தருவதில்லை.

பத்து ஆண்டு யாரும் கேட்காத வங்கி டெபாசிட் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கும், காப்பீட்டு முதிர்வுத் தொகை மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்கும் போய்ச் சேரும். வங்கிப் பணத்தை ரிசர்வ் வங்கியின் ‘உத்கம்’ இணையதளத்திலும், பாலிசிப் பணத்தை அந்தந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் பெயர், பிறந்த தேதி, பான் எண் போன்ற விவரங்களைக் கொடுத்துத் தேடலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. தேங்கிக் கிடக்கும் போனஸை வாங்கித் தருகிறோம், முதலில் ஜி.எஸ்.டி. கட்டுங்கள் என்று தொலைபேசியில் கூப்பிடுபவர் எல்.ஐ.சி.யைச் சேர்ந்தவரும் இல்லை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைச் சேர்ந்தவரும் இல்லை.